முட்டையும் சர்க்கரையும் ரிப்பன் பதத்துக்கு வராவிட்டால் எங்கே பார்ப்பது?

பேக்கிங் பவுடர் இல்லாமல், முழு முட்டையைச் சர்க்கரையோடு அடித்து அந்த நுரையை மட்டும் நம்பிச் செய்யும் ஸ்பாஞ்ச் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். ஜென்வாஸ் என்று சொல்வார்களே, அதுதான். இதில் கேக் கெட்டுப்போனால் பெரும்பாலும் கெட்டது ஓவனில் அல்ல, அடிக்கும் பாத்திரத்தில். என்னிடம் வரும் கேள்விகளும் சுற்றிச் சுற்றி அதே நான்கைந்துதான் என்பதால், அறிகுறி வாரியாக எழுதி வைத்துவிடுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும்.

கணக்குக்கு ஒரு அளவு வேண்டும். 7 அங்குல வட்டத் தட்டுக்கு, ஓடு நீக்கிய முட்டை 150 கிராம், சர்க்கரை 90 கிராம், மைதா 90 கிராம், உருக்கிய வெண்ணெய் 20 கிராம், பால் 20 மில்லி. கீழே வரும் நேரமெல்லாம் இந்த அளவுக்கும், சாதாரண இரட்டைக் கம்பி கை பீட்டருக்கும் பொருந்தும்.

முதலில்: பதம் வந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது

பீட்டரை நிறுத்தி, தூக்கி, வழியும் கலவையால் மேலேயே 8 என்று எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு, தொடங்கிய கோடு இன்னும் மேடாகத் தெரிய வேண்டும். பத்து விநாடி வரை நின்று அப்புறம் மெல்லக் கரைந்தால் பதம் சரி. எழுத எழுதவே மறைந்தால் இன்னும் வரவில்லை.

கண்ணை நம்பாதவர்கள் எடை போட்டுப் பார்க்கலாம். ஒரு சின்ன டம்ளரில் தலை தட்டத் தண்ணீர் எடுத்து எவ்வளவு கிராம் என்று குறித்துக்கொள்ளுங்கள் (டம்ளர் எடையைக் கழித்து). அதே டம்ளரில் தலை தட்ட நுரை எடுத்தால் தண்ணீரின் எடையில் கால்வாசி, அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். தண்ணீர் 100 கிராம் என்றால் நுரை 22 முதல் 25. அது 30க்கு மேல் இருந்தால் மைதா பக்கமே போகாதீர்கள், அடித்துக்கொண்டே இருங்கள். நிமிடக் கணக்கை விட இந்த எடையை நான் அதிகம் நம்புகிறேன். ஏனென்றால் "எட்டு நிமிடம் அடிக்கவும்" என்று எழுதியவரின் பீட்டர் வேறு, உங்களுடையது வேறு.

## அறிகுறி 1: பத்து நிமிடம் ஆகியும் மஞ்சளாக, தண்ணியாகவே இருக்கிறது

மேலே கொஞ்சம் நுரை, கீழே திரவம். நிறம் வெளுக்கவே இல்லை. அளவு இரண்டு மடங்கைத் தாண்டவில்லை. அதிகம் பேர் மாட்டுவது இதில்தான்.

முட்டை குளிர்ச்சியாக இருக்கிறதா? பாத்திரத்தின் அடியைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் வேறு எதையும் சோதிக்க வேண்டாம். முழு முட்டையில் மஞ்சள் கருவும் சேர்ந்திருப்பதால் வெள்ளைக்கரு மாதிரி சட்டென்று எழும்பாது, சூடு காட்டியே ஆக வேண்டும். ஒரு வாணலியில் தண்ணீரைச் சுட வைத்து, கொதி வருவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிட்டு, முட்டையும் சர்க்கரையும் உள்ள பாத்திரத்தை அதன் மேல் வைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள். 40 டிகிரி வந்ததும் இறக்கிவிட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் விரலை விட்டுப் பார்க்கலாம், கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீர் போல இதமாக இருந்தால் போதும். பாதி அடித்த கலவையையும் இப்படிச் சூடாக்கித் திரும்ப அடிக்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது. மைதா சேர்க்காத வரை இந்த வாய்ப்பு உண்டு.

சூடு காட்டிய பிறகும் சீக்கிரம் ஆறிவிட்டால் எங்கே நின்று அடிக்கிறீர்கள் என்று பாருங்கள். ஃபேனுக்கு நேர் கீழே, கிரானைட் மேடை மேல் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்தால் இரண்டே நிமிடத்தில் சூடு போய்விடும். அடியில் நனைத்த துணியை மடித்துப் போடுங்கள். பாத்திரம் நகராது என்பது கூடுதல் லாபம்.

பாத்திரம் அகலமா? அகலப் பாத்திரத்தில் மூன்று முட்டை அடியில் ஒரு படலமாகப் பரந்து கிடக்கும், கம்பியின் நுனி மட்டும்தான் நனையும். கம்பியின் முட்டைவடிவப் பகுதி பாதியாவது கலவைக்குள் மூழ்க வேண்டும். குறுகலான, ஆழமான பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பால் காய்ச்சும் பாத்திரம் கூட நன்றாக வேலை செய்யும். வேறு பாத்திரம் இல்லையென்றால் இருப்பதைச் சாய்த்துப் பிடித்து, கலவை ஒரு மூலையில் சேரும்படி அடியுங்கள்.

எதால் அடிக்கிறீர்கள்? மிக்ஸி ஜாரில் ஓட்டினால் நுரை வரும், நிற்காது. அதன் பிளேடு வெட்டத்தான் செய்யும், காற்றைப் பிடித்து வைக்காது. பீட்டரோடு வரும் சுருள் கம்பிகள் சப்பாத்தி மாவு பிசைய, அவற்றை மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். ஒற்றைக் கம்பி மாட்டிய ஹேண்ட் பிளெண்டரில் பதம் வரும், ஆனால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கையால் விஸ்க் வைத்து அடிப்பவர்கள் பாத்திரத்தை வெந்நீர் மேலேயே வைத்துப் பாதி வரை அடியுங்கள், கை வலிக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

முட்டைக்குச் சர்க்கரை அதிகமா? நம்மூரில் இது அடிக்கடி நடக்கிறது, யாரும் சந்தேகப்படுவதில்லை. நாமக்கல்லிலிருந்து வரும் முட்டை ஓட்டோடு 50 முதல் 55 கிராம் இருக்கும், ஓட்டை நீக்கினால் 45 முதல் 48தான் கிடைக்கும். வெளிநாட்டுச் செய்முறையில் "3 முட்டை" என்று இருந்தால் அவர்கள் கணக்கு பெரும்பாலும் ஓடு நீக்கி 50க்கு மேல். மூன்றுக்கு 10, 15 கிராம் துண்டு விழுகிறது. நாட்டுக்கோழி முட்டை என்றால் இன்னும் மோசம், மூன்றும் சேர்ந்து 110 கிராமைத் தாண்டினாலே பெரிது. அப்போது 90 கிராம் சர்க்கரை கலவையைக் கனமாக்கி, எழும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். முட்டையை எண்ணாதீர்கள், உடைத்து எடை போடுங்கள். குறைந்தால் நான்காவது முட்டையை உடைத்துக் கலக்கி, வேண்டிய அளவு மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரை, முட்டை எடையில் 60 சதவீதம் என்பது அடிக்க வசதியான அளவு.

எண்ணெய்ப் பிசுக்கு பற்றியும் கேட்பார்கள். வெள்ளைக்கரு மட்டும் அடிக்கும்போது அது பெரிய விஷயம். முழு முட்டையில் மஞ்சள் கருவின் கொழுப்பே உள்ளே இருப்பதால் ஒரு சொட்டுக்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் பல வருடம் குழம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் அடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

இதெல்லாம் சரி, முட்டை வெதுவெதுப்பாக இருக்கிறது, பாத்திரம் சரி, அளவு சரி, அப்படியும் எழும்பவில்லை என்றால் பீட்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும். கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி 2: நன்றாக உப்பிவிட்டது, ஆனால் கோடு நிற்கவில்லை

பாத்திரம் நிறைய வெளுத்த நுரை இருக்கிறது. பார்த்தால் முடிந்துவிட்டது போலத் தெரிகிறது. தூக்கி 8 போட்டால் உடனே மறைகிறது. இந்த இடத்தில் ஆசைப்பட்டு மைதாவைக் கொட்டியவர்கள் எத்தனையோ பேர்.

எளிய காரணம், இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பாக்கி. நுரையின் உயரம் முதலில் வந்துவிடும், கெட்டித்தன்மை பின்னால்தான் வரும். அடித்துக்கொண்டே ஒவ்வொரு நிமிடமும் 8 போட்டுப் பாருங்கள். முன்னேற்றம் தெரிந்தால் காரணம் இதுதான்.

முன்னேற்றமே இல்லையென்றால் நுரை இன்னும் சூடாக இருக்கிறது. தொடங்கும்போது சூடு வேண்டும், முடியும்போது இருக்கக் கூடாது. சூடான நுரை தளர்வாகவே இருக்கும், எவ்வளவு அடித்தாலும் கோடு பிடிக்காது.

மதுரையில் ஆர்டருக்குக் கேக் செய்யும் ஒரு தங்கை மே மாதத்தில் கேட்ட கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். "அக்கா, டிசம்பர்ல வந்த பதம் இப்ப வரவே மாட்டேங்குது, அதே பீட்டர், அதே முட்டைதான்" என்றாள். எவ்வளவு சூடாக்கினாய் என்றால், எப்போதும் போல மூன்று நிமிடம் வெந்நீர் மேல் வைத்தேன் என்கிறாள். டிசம்பரில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டைக்கு மூன்று நிமிடம் சரி. மே மாதத்தில் வெளியே கூடையில் இருக்கும் முட்டை ஏற்கெனவே 33, 34 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறது, அதே மூன்று நிமிடம் அதை 50க்கு மேல் கொண்டுபோய்விடும். ஆறு நிமிடம் அடித்த பிறகும் அவளுடைய நுரை 38 டிகிரியில் இருந்தது, 100 மில்லி கப்பில் எடை 33 கிராம். ஒரு அகலச் சட்டியில் குழாய்த் தண்ணீர் பிடித்து (மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் சுடும், குடத்துத் தண்ணீர் உத்தமம்) பாத்திரத்தை அதில் வைத்து, அதே வேகத்தில் மூன்று நிமிடம் அடிக்கச் சொன்னேன். நுரை 30 டிகிரிக்கு இறங்கியது, எடை 26க்கு வந்தது, 8 நின்றது. ஐஸ் தண்ணீர் வேண்டாம், ஓரத்தில் மட்டும் இறுகிக்கொள்ளும்.

அடுத்த முறையிலிருந்து அவள் வெந்நீர் மேல் வைக்கும் நேரத்தைப் பார்ப்பதில்லை, வெப்பநிலையை மட்டும் பார்க்கிறாள். கோடை நாட்களில் வெளியே இருந்த முட்டைக்கு அரை நிமிடமே போதுமானதாக இருக்கும். மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு நேர்மாறு, அங்கே நுரை சீக்கிரம் ஆறும் என்பதால் 42, 43 வரை கொண்டுபோகலாம்.

## அறிகுறி 3: நறநறவென்று இருக்கிறது, அல்லது துணுக்குகள் தெரிகின்றன

விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள்.

மணல் போல உறுத்தினால் சர்க்கரை கரையவில்லை. நம் கடைச் சர்க்கரை பெரிய மணி. மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு ரவை அளவுக்குக் கொண்டுவந்தால் போதும், மாவாக்க வேண்டாம். பாக்கெட்டில் வரும் ஐசிங் சர்க்கரையில் சோள மாவு கலந்திருக்கும், அதை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

மஞ்சள் நிறத்தில் சின்னக் குருணைகள் தெரிந்தால், முட்டை மேல் சர்க்கரையைக் கொட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போயிருக்கிறீர்கள். சர்க்கரை பட்ட இடத்தில் மஞ்சள் கரு ஈரம் இழந்து இறுகிவிடும், பிறகு கரையாது. சர்க்கரை விழுந்ததும் கலக்கிவிட வேண்டும். இப்போதைக்கு வடிகட்டி எடுத்துவிட்டுத் தொடரலாம்.

வெள்ளையாக வெந்த துணுக்குகள் என்றால் கொதிக்கும் தண்ணீர் மேல் வைத்திருக்கிறீர்கள், அல்லது கிண்டாமல் விட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் என்றால் வடிகட்டலாம். அடி முழுவதும் பொரியலாகியிருந்தால் புது முட்டை எடுங்கள்.

## அறிகுறி 4: கோடு நிற்கிறது, ஆனால் பெரிய பெரிய குமிழ்கள், வைத்த இடத்திலேயே அமுங்குகிறது

இது அடித்தது போதாததால் வருவதல்ல. கடைசி வரை உச்ச வேகத்திலேயே அடித்து நிறுத்தியிருப்பீர்கள். உச்ச வேகம் காற்றை ஏற்றும், குமிழ்களை ஒரே அளவாக்காது. பதம் வந்த பிறகு வேகத்தைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி, பீட்டரை ஒரு இடத்தில் பிடித்து அரை நிமிடம், பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி அடுத்த இடத்தில் அரை நிமிடம் என்று இரண்டு மூன்று நிமிடம் ஓட்டுங்கள். மேற்பரப்பில் பளபளப்பு வரும், கண்ணுக்குத் தெரியும் குமிழ்கள் காணாமல் போகும். கேக்கின் உள்ளே ஓட்டை ஓட்டையாக வந்தது என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். நேரமில்லை என்று பலரும் விட்டுவிடும் படி இது, நானோ வேறு எதை விட்டாலும் இதை விடமாட்டேன்.

அப்படிச் செய்தும் அமுங்கினால் சூடு காட்டும்போது 50ஐத் தாண்டியிருக்கிறது. அதிகச் சூட்டில் நுரை வெகு வேகமாக எழும்பும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் தாங்காது. இதற்கு அந்த நேரத்தில் மருந்தில்லை, சீக்கிரம் மைதா கலந்து ஓவனில் ஏற்றுங்கள், கொஞ்சம் உயரம் குறையும்.

ஸ்டாண்ட் மிக்ஸர் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு சிக்கல் உண்டு. ஓட விட்டுவிட்டு போன் பேசப் போய்விடுவார்கள், திரும்பி வரும்போது நுரை வறண்டு, மங்கலாக, கம்பியிலிருந்து வழியாமல் கட்டியாக விழும். மைதா இதில் சரியாகக் கலக்காது, கேக் உப்பி நடுவில் விழும். இரண்டு தேக்கரண்டி வெதுவெதுப்பான பாலை ஊற்றிக் குறைந்த வேகத்தில் கலந்தால் ஓரளவு இளகும், முழுதாகத் திரும்பாது.

## அறிகுறி 5: ரிப்பன் பிரமாதம், மைதா போட்டதும் படுத்துவிட்டது

இங்கே கேக்கை வெட்டிப் பார்த்துத்தான் காரணத்தைப் பிரிக்க முடியும்.

அடியில் மட்டும் மஞ்சளாக, ரப்பர் போன்ற ஒரு பட்டை இருந்தால் வெண்ணெய் கீழே இறங்கியிருக்கிறது. உருக்கிய வெண்ணெயும் பாலும் 50 டிகிரிக்குக் குறையாமல் சூடாக இருக்க வேண்டும், ஆறிய வெண்ணெய் கனத்து அடிக்குப் போகும். இரண்டு கரண்டி மாவுக் கலவையை எடுத்து முதலில் வெண்ணெயில் நன்றாகக் கலந்து, அப்புறம் அதைப் பெரிய பாத்திரத்தில் சேருங்கள்.

மேலிருந்து கீழ் வரை ஒரே கெட்டியாக இருந்தால், மைதாவை ஒரே தடவையில் கொட்டி, அதன் கட்டிகளைத் துரத்திக்கொண்டு அதிகம் கிளறியிருக்கிறீர்கள். இரண்டு முறை சலித்து, மூன்று பங்காகத் தூவி, அடியிலிருந்து அள்ளி மேலே மடித்துப் போடுங்கள். இறுதிக் கலவை 100 மில்லிக்கு 45 முதல் 50 கிராம் இருந்தால் சரி. 60ஐத் தாண்டினால் கேக் உயராது.

மைதா வெள்ளைப் பொட்டுகளாகத் தெரிந்தால் கிளறியது குறைவு. எதுவுமே இல்லாமல் அமுங்கினால் ஓவன் சூடாகக் காத்திருந்தீர்களா என்று யோசியுங்கள். இந்த நுரை பத்து நிமிடம் மேடையில் உட்காராது. முட்டை உடைக்கும் முன்பே ஓவனை 170க்குப் போட்டுத் தட்டில் காகிதம் விரித்து வைத்திருக்க வேண்டும்.

மைதா சேர்த்த பிறகு அமுங்கிய கலவையைத் திரும்ப அடிக்கவே கூடாது, ஜவ்வாகிவிடும். பெரிய தட்டில் மெல்லியதாகப் பரப்பிச் சுட்டு புட்டிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பல பேக்கரிகளில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அடித்தாலும் விழாமல் நிற்கிறதே என்று கேட்பார்கள். அவர்கள் கேக் ஜெல் போடுகிறார்கள். அது தப்பில்லை, ஆனால் அந்தச் செய்முறையை ஜெல் இல்லாமல் செய்து பார்த்துவிட்டு முட்டையைக் குறை சொல்லக் கூடாது.

## அறிகுறி 6: பீட்டர் திணறுகிறது, சூடாகிறது, வாடை வருகிறது

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்று இருக்கும், சின்ன மாடல்களில் பல 5 நிமிடம்தான். பாதியில் நிறுத்தி ஆற விடுங்கள், வெதுவெதுப்பான நுரை சில நிமிடம் காத்திருக்கும்.

சாயங்காலம் மட்டும் மெதுவாக ஓடி, காலையில் நன்றாக ஓடினால் வோல்டேஜ் குறைவு. அடிக்கும் வேலையைக் காலைக்கு மாற்றுங்கள். தெருவே மங்கினால் மின்வாரியத்துக்குப் புகார், உங்கள் வீட்டில் மட்டும் என்றால் எலக்ட்ரீஷியன்.

மோட்டார் சத்தம் வருகிறது, கம்பி மெதுவாகச் சுற்றுகிறது அல்லது ஒன்று மட்டும் சுற்றுகிறது என்றால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. விட்டு விட்டு ஓடி, காற்றுத் துளை வழியாகத் தீப்பொறி அதிகம் தெரிந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இரண்டையும் நீங்களே பிரிக்க வேண்டாம், மிக்ஸி ரிப்பேர் கடைக்குக் கொண்டு போங்கள், பிரஷ் மாற்றுவது சின்னச் செலவு. கருகிய வாடையும் புகையும் வந்தால் காயில் போயிருக்கும். மலிவு பீட்டருக்குக் காயில் கட்டுவதை விடப் புதிது வாங்குவதுதான் பெரும்பாலும் லாபம், ஆனால் கடைக்காரர் பார்த்துச் சொல்லட்டும். புதிதாக வாங்கினால் 300 வாட்டும், பட்டைத் தகடு இல்லாமல் மெல்லிய கம்பியுமாகப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது இரண்டு கம்பிகளையும் கூடவே எடுத்துப் போங்கள். சும்மா ஆன் செய்து சத்தம் கேட்டுவிட்டு "சரியாயிருச்சு" என்று கொடுத்தால் வாங்காதீர்கள், ஒரு மக் தண்ணீரில் கம்பியை விட்டு இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சுமை ஏறும்போது வரும் பழுது வெறுமனே ஓட்டினால் தெரியாது.